மேலேறும் கோடு எங்கே போய் நிற்கும்?

எட்டுத் தேர்வுகள் கொண்ட ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தேர்வுக்கும் 100 மார்க். எட்டுக்கும் சம மதிப்பு. எட்டின் சராசரிதான் பாடத்தின் இறுதி மதிப்பெண். ஒரு மாணவி முதல் இரண்டு தேர்வுகளில் 42, 46 என்று வாங்குகிறாள். அதற்குப் பிறகு பாடம் பிடிபட்டுவிடுகிறது. அடுத்த ஆறு தேர்வுகளில் 79, 82, 78, 81, 80, 77. ஒவ்வொரு விடைத்தாளும் கைக்கு வந்ததும் அதுவரை எழுதிய எல்லாத் தேர்வுகளின் சராசரியையும் கணக்கிட்டு, வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு கோடு போட்டு இணைக்கிறாள்.

அவள் வரைந்த கோடு இப்படிப் போகிறது: 42, 44, 55.7, 62.3, 65.4, 68, 69.7, 70.6.

மூன்றாம் தேர்வு முதல் எட்டாம் தேர்வு வரை அவள் வாங்கிய மார்க் கிட்டத்தட்ட ஒன்றேதான். எண்பதுக்கு இரண்டு மூன்று மேலே கீழே. ஆனால் கோட்டைப் பாருங்கள். மூன்றாம் தேர்வில் பதினொன்றரைக்கு மேல் எகிறுகிறது. அடுத்ததில் ஆறரை. அதற்கடுத்து மூன்று, இரண்டரை, ஒன்றே முக்கால். கடைசியில் ஒன்றுகூட ஏறவில்லை. மார்க்குகளைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் என்ன சொல்வார்? ‘நடுவில் நன்றாகத்தான் முன்னேறினாள், பிறகு சோர்ந்துவிட்டாள்’ என்பார். அவள் சோரவே இல்லை. அப்படியானால் கோடு ஏன் சோர்ந்தது?

இந்தக் கோட்டில் இருப்பது மார்க் அல்ல, குவிவுச் சராசரி. முதல் தேர்விலிருந்து இன்றுவரை குவிந்த அத்தனை மார்க்கையும் கூட்டி, எழுதிய தேர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இது நகரும் விதத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. புதிதாக வாங்கிய மார்க்குக்கும் அதுவரை இருந்த சராசரிக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இது எத்தனையாவது தேர்வோ அந்த எண்ணால் வகுங்கள். கோடு அவ்வளவுதான் நகரும். மூன்றாம் தேர்வில் அவள் வாங்கியது 79, அதுவரை சராசரி 44. இடைவெளி 35, மூன்றால் வகுத்தால் 11.7. ஆறாம் தேர்வில் வாங்கியது 81, அதுவரை சராசரி 65.4. இடைவெளி 15.6, ஆறால் வகுத்தால் 2.6. இரண்டு தேர்விலும் ஏறத்தாழ ஒரே அளவு நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் இரண்டாவது முறை வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது, இடைவெளியும் சுருங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து கோட்டைத் தட்டையாக்குகின்றன. மாணவி என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், தேர்வுகள் கூடக்கூட இந்தக் கோடு அசைவது கடினமாகிக்கொண்டே போகும்.

கிரிக்கெட்டில் மட்டையாளரின் சராசரியும் இதே வகைக் கணக்குதான். 1948 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆட இறங்கியபோது, 69 முறை ஆட்டமிழந்து 6996 ரன் எடுத்திருந்தார். சராசரி 101.39. ஹோலிஸ் வீசிய பந்தில் பூஜ்யத்துக்கு பௌல்டு ஆனார். ஒரு மட்டையாளருக்கு அதைவிட மோசமான இன்னிங்ஸ் கிடையாது. அப்படியிருந்தும் சராசரி 99.94க்குத்தான் இறங்கியது. 101.39 என்ற முழு இடைவெளியும் எழுபதால் வகுபட்டு, ஒன்றரை ரன்னுக்கும் குறைவான சரிவாக முடிந்தது. அதே பூஜ்யம் இரண்டாவது ஆட்டமிழப்பாக வந்திருந்தால் சராசரி பாதியாகியிருக்கும்.

இப்போது முடிவைக் கணிக்கும் வேலைக்கு வருவோம். நான்கு தேர்வுகள் முடிந்திருக்கின்றன. கோடு 62.3இல் நிற்கிறது. கடைசித் துண்டின் மேல் ஸ்கேலை வைத்து எட்டாம் தேர்வு வரை நீட்டினால் என்ன வரும்? கடைசித் துண்டு 6.6 ஏறியது, இன்னும் நான்கு தேர்வுக்கு அதே வேகம் என்றால் 26 ஏறும், முடிவு 88 அல்லது 89. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அது நடக்கவே முடியாத விஷயம். அவள் கையில் இருப்பது 249 மார்க். மீதி நான்கிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் மொத்தம் 649; எட்டால் வகுத்தால் 81.1. அதற்கு மேல் போக வழியே இல்லை. ஸ்கேல் காட்டிய 88 வரைபடத்தில் மட்டுமே இருக்கும் எண். வளைந்து தட்டையாகப்போகும் கோட்டை நேராக நீட்டியதால் வந்த பிழை இது. கணிப்பு தப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். கணிப்பு சாத்தியத்தின் எல்லையையே தாண்டியிருக்கிறது என்பதை ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும் செய்தால் உடனே கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

அதனால் கோட்டை நீட்டுவதற்கு முன்னால் எல்லைகளை வரைந்துகொள்வதுதான் சரியான முதல் வேலை. மீதித் தேர்வுகள் எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால் எங்கே முடியும், எல்லாவற்றிலும் நூறு என்றால் எங்கே முடியும் என்று இரண்டு புள்ளிகளை எட்டாம் தேர்வின் நேரே குறியுங்கள். நான்காம் தேர்வுக்குப் பின் அவை 31.1, 81.1. இன்றைய புள்ளியிலிருந்து இரண்டுக்கும் கோடு போட்டால் விசிறி போல விரியும். ஆறாம் தேர்வுக்குப் பின் விசிறியின் வாய் 51க்கும் 76க்கும் நடுவே சுருங்கிவிடும். ஏழாம் தேர்வுக்குப் பின் 61க்கும் 73.5க்கும் நடுவே. பாடத்தில் பாதி மீதியிருந்தால் விசிறி 50 மார்க் அகலம், கால்வாசி மீதியென்றால் 25 மார்க் அகலம். எப்போதும் மீதியிருக்கும் பங்கும் விசிறியின் அகலமும் ஒன்றேதான்.

இந்த மாணவி 75 வேண்டும் என்று குறி வைத்திருந்தாள் என்று கொள்வோம். அதற்கு எட்டிலும் சேர்த்து 600 மார்க் வேண்டும். நான்காம் தேர்வு முடிந்தபோது மீதி நான்கில் சராசரியாக 88 வாங்கினால் போதும் என்ற நிலை. கடினம், ஆனால் நடக்கக்கூடியது. ஆறாம் தேர்வு முடிந்தபோது மீதி இரண்டிலும் 96 வேண்டும். ஏழாம் தேர்வு முடிந்ததும் 75 விசிறிக்கு வெளியே போய்விட்டது. அந்த ஏழாம் தேர்விலும் கோடு மேலேதான் ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும் கோட்டைப் பார்த்து ‘இன்னும் வாய்ப்பு இருக்கிறது’ என்று நினைப்பவருக்கு, விசிறி வரையாவிட்டால் கதவு மூடியது தெரியவே தெரியாது.

எல்லை தெரிந்துவிட்டது. அதற்குள் எந்த இடத்தில் முடியும் என்று ஊகிக்க, குவிவுச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் தனித்தனி மார்க்குகளைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். விடைத்தாள்கள் கையில் இருந்தால் சிக்கல் இல்லை. சராசரி மட்டும் காட்டும் பதிவேடாக இருந்தாலும் எடுக்கலாம். ஏழாம் தேர்வுக்குப் பின் 69.7, அதை ஏழால் பெருக்கினால் 488. ஆறாம் தேர்வுக்குப் பின் 68. ஆறால் பெருக்கினால் 408. வித்தியாசம் 80. ஏழாம் தேர்வில் வாங்கியது அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பதிவேடு சராசரியை முழு எண்ணாகத் திருத்தி 70 என்று காட்டினால், ஏழால் பெருக்கும்போது திருத்தத்தில் வந்த சிறு பிழையும் ஏழு மடங்காகும். 490இலிருந்து 408 போக 82 என்று தவறான விடை வரும்.

தனி மார்க்குகளை அதே தாளில் கோடு போடாமல் வெறும் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். கதை உடனே மாறிவிடும். கீழே இரண்டு புள்ளிகள், பிறகு ஒரு தாவல், அதன்பின் 80ஐ ஒட்டி ஒரு வரிசை. ஏறுமுகமும் இல்லை, சோர்வும் இல்லை. நான்காம் தேர்வின் முடிவில் நின்று கணிப்பவர் இப்போது இப்படி யோசிக்கலாம்: கடைசி இரண்டும் 79, 82. மீதி நான்கும் சராசரியாக 75க்கும் 85க்கும் நடுவே வரும் என்று கொண்டால், முடிவு 68.6க்கும் 73.6க்கும் நடுவே. நடந்தது 70.6. ஸ்கேல் வைத்தவர் 88 என்றார். புள்ளிகளைப் பார்த்தவர் சரியான இடத்துக்கே வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான்.

ஆனால் புள்ளிகளைப் பார்த்தவரும் ஒன்றை நம்பித்தான் இறங்கினார். 42, 46 போய்விட்டன, இனி 80தான் என்று அவர் நம்பினார். அந்த மாற்றம் நிஜமா, தற்செயலா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

துண்டுச் சீட்டுகளை வைத்துச் சோதிக்கலாம். எட்டு மார்க்கையும் எட்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வரும் வரிசையில் குவிவுச் சராசரிக் கோட்டை வரையுங்கள். திரும்பக் குலுக்கி இன்னொன்று வரையுங்கள். எந்த வரிசையில் வந்தாலும் கடைசிப் புள்ளி 70.6தான், கூட்டுத்தொகை மாறாதே. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி ஒவ்வொரு முறையும் வேறு. வரிசையை அப்படியே தலைகீழாக்கினால், ஆறாம் தேர்வு வரை கோடு 77க்கும் 80க்கும் நடுவே சுகமாகப் போய், கடைசி இரண்டில் 74.7, 70.6 என்று சரியும். மாணவியின் அசல் கோடு அதே ஆறாம் தேர்வில் 68இல்தான் இருந்தது. இரண்டுமே ஒரே எட்டு மார்க். நான்கைந்து முறை குலுக்கிப் பார்த்தவர் யாரும் அதன்பின் குவிவுச் சராசரியின் சாய்வை எளிதில் நம்பமாட்டார். அநேகமாக ஒவ்வொரு குலுக்கலிலும் ஏதாவது ஒரு ‘போக்கு’ தெரியும்.

காரணம் இதுதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஏழாம் புள்ளிக்குள் முதல் ஆறு மார்க்கும் அப்படியே இருக்கின்றன, எட்டாவதில் ஏழும் இருக்கின்றன. பொதுவான சரக்கு இத்தனை இருக்கும்போது கோடு வழவழப்பாகத்தான் வரும். வழவழப்பாக இருப்பதை நம் கண் போக்கு என்று படித்துக்கொள்கிறது. 1927இல் ரஷ்யப் பொருளியலாளர் எவ்கெனி ஸ்லுட்ஸ்கி இதற்கு உறவான ஒரு சோதனையைச் செய்தார். அரசு லாட்டரியில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை வரிசையாக எடுத்து, பத்துப் பத்தாக நகர்த்திக் கூட்டிக்கொண்டே போனார். தற்செயலைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த எண்களிலிருந்து அலை அலையான வளைகோடு எழுந்தது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் வணிக ஏற்ற இறக்கங்களைக் காட்டும் வரைபடத்தோடு அதன் ஒரு பகுதியைப் பக்கத்தில் வைத்தால் வியக்கும் அளவுக்கு ஒத்துப்போனது. எண்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பதே போக்கை உண்டாக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் மாணவியின் விஷயத்தில் குலுக்கல் என்ன சொல்கிறது? எட்டு இடங்களில் மிகக் குறைந்த இரண்டு மார்க்குகள் உட்கார 28 விதம் இருக்கிறது. இரண்டும் முதல் இரண்டு இடத்திலேயே வருவது அதில் ஒன்றுதான். எட்டுத் தேர்வும் முடிந்தபின் பார்ப்பவர், வெறும் தற்செயலாக இருந்தால் இப்படி வர 28இல் ஒரு பங்குதான் வாய்ப்பு, அதனால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் நான்காம் தேர்வின் முடிவில்? நான்கு இடங்களில் இரண்டு உட்கார ஆறு விதம்தான். ஆறில் ஒன்று என்பது அப்படியொன்றும் அரிதல்ல. அந்தக் கட்டத்தில் வரிசையை மட்டும் வைத்து மாற்றம் நிஜம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே எண்ணுக்கு வெளியே போக வேண்டும். முதல் இரண்டு தேர்வின்போது அவளுக்குக் காய்ச்சலா? வகுப்பில் தாமதமாகச் சேர்ந்தாளா? மூன்றாவதிலிருந்து வினாத்தாள் எளிதாகிவிட்டதா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மற்ற மாணவர்களின் மார்க்கையும் பார்க்க வேண்டும். வகுப்பு முழுவதும் முப்பது மார்க் எகிறியிருந்தால் மாறியது வினாத்தாள். அவள் மட்டும் எகிறியிருந்தால் மாறியது அவள். காரணம் தெரிந்தால் பழைய இரண்டைக் கணிப்பிலிருந்து விலக்கலாம். தெரியாவிட்டால் 62க்கும் 80க்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் மீதித் தேர்வுகளை எதிர்பார்ப்பதுதான் நேர்மை.

காகிதத்தில் அல்லாமல் கணினி விரிதாளில் வரைபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்க்குகளை B பத்தியில் இரண்டாம் வரிசையிலிருந்து எழுதிவிட்டு, பக்கத்துப் பத்தியில் `=AVERAGE(B$2:B2)` என்று போட்டு எட்டு வரிசைக்கும் இழுத்துவிடுவார்கள். ஆறு தேர்வுதான் முடிந்திருக்கும். ஆனால் சூத்திரம் வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது. அதனால் ஏழுக்கும் எட்டுக்கும்கூட அதே 68ஐக் காட்டும். கோடு கடைசி வரை தட்டையாக நீளும். பார்ப்பவருக்கு அது ‘முடிவு 68’ என்ற கணிப்பாகவே படும். யாரும் கணிக்கவில்லை, எழுதாத தேர்வை விரிதாள் இப்படி நிரப்பிவிட்டது. இதைத் தவிர்க்கக் கட்டம் வெறுமையாக இருந்தால் புள்ளியே வைக்காதே என்று சொல்ல வேண்டும்:

```
=IF(B2="",NA(),AVERAGE(B$2:B2))
```

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். வராத தேர்வுக்கு பூஜ்யம் என்பது பாடத்தின் விதி என்றால், அங்கே கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. 0 என்று எழுத வேண்டும். வெறுமையும் பூஜ்யமும் விரிதாளுக்கு இரண்டு வேறு விஷயங்கள். ஒரு ஆப்சென்டை வெறுமையாக விட்டால் சராசரி உண்மையைவிட உயரமாகவே கடைசிவரை நிற்கும்.

இதுவரை எல்லாத் தேர்வுக்கும் சம மதிப்பு என்று வைத்துப் பேசினோம். நம் கல்லூரிகளில் அப்படி இருப்பது அபூர்வம். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 என்று பிரித்திருக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னலில் நான்கு தேர்வுகள், கடைசியில் ஒரு பெரிய தேர்வு. கிடைக்கோட்டில் தேர்வு 1, தேர்வு 2 என்று சம இடைவெளியில் குறித்தால், நான்காவது முடிந்ததும் ஐந்தில் நான்கு பங்கு கடந்துவிட்டது போல் தெரியும். உண்மையில் பாதிகூடக் கடக்கவில்லை. அதனால் கிடைக்கோட்டில் தேர்வின் எண்ணிக்கையைக் குறிக்காமல், அது பாடத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிப்பது நல்லது. ஒவ்வோர் இன்டர்னலும் பத்துப் பத்தாக 10, 20, 30, 40இல் வரும். அதற்கு வலப்பக்கம் 60 பங்கு வெள்ளைத்தாள் கிடக்கும். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணே அளந்துவிடும்.

இந்த வகைப் பாடத்தில் இன்டர்னல் கோட்டை நீட்டிச் செமஸ்டர் முடிவைச் சொல்வதில் இன்னொரு தடையும் இருக்கிறது. இன்டர்னல் வினாத்தாள் ஓரிரு பாடப்பகுதிகளிலிருந்து வருவது. செமஸ்டர் தேர்வு முழுப் பாடத்திட்டத்திலிருந்தும் வருவது. வினாத்தாள் தயாரிப்பவரும் திருத்துபவரும்கூட வேறாக இருக்கலாம். வேறொரு வகைத் தேர்வைப் பற்றி இன்டர்னல் புள்ளிகள் ஓரளவுக்குத்தான் சொல்லும். எவ்வளவு சொல்லும் என்பதை அறிய முந்தைய ஆண்டு மாணவர்களின் இன்டர்னல் மார்க்கையும் செமஸ்டர் மார்க்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் நெருங்கிப் போயிருந்தால் கோட்டை நம்பலாம். சிதறிக்கிடந்தால் விசிறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்டர்னலில் 85 சதவீதம் வாங்கியவர் கையில் 34 இருக்கிறது. 70 சதவீதம் வாங்கியவர் கையில் 28. கோட்டில் இருவருக்கும் 15 வித்தியாசம் தெரிந்தாலும் இறுதி மதிப்பெண்ணில் அது 6தான். 100க்கு நடக்கும் செமஸ்டர் தேர்வில் 10 மார்க் கூட வாங்கினால் அந்த 6 ஈடாகிவிடும். மொத்தத்தில் 75 வேண்டுமென்றால், முதலாமவர் செமஸ்டர் தேர்வில் 100க்கு 69 எடுக்க வேண்டும். இரண்டாமவர் 79 எடுக்க வேண்டும்.